கண்ணாடி முகமும் புகைப்பட முகமும்: வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்கு மாம்பலத்தில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் இருபது ஆண்டுகளாக முகங்களைப் படம் எடுத்துவருகிறேன். பிரிண்ட்டைக் கையில் வாங்கியதும் வாடிக்கையாளர் சொல்லும் வார்த்தைகளில் நான் அதிகம் கேட்டது, "இது என் முகம் மாதிரியே இல்லையே" என்பதுதான். கூட வந்திருக்கும் அம்மாவோ கணவரோ அதே படத்தைப் பார்த்து, "அப்படியே இருக்கிறது, வேறென்ன வேண்டும்?" என்பார்கள். தொழிலுக்கு வந்த புதிதில், இருவரில் ஒருவர் தவறாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இருவருமே சரியாகத்தான் பார்க்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது இரண்டு வேறு முகங்கள்.

சென்ற ஆண்டு என் மருமகளுக்கு, அதாவது அக்கா மகளுக்கு, வரன் பார்க்கத் தொடங்கினார்கள். படம் நான்தான் எடுத்தேன். பிரிண்ட்டைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. "மாமா, மூக்கு ஒரு பக்கமாகப் போகிறது. கண்ணும் தூங்குகிற மாதிரி இருக்கிறது. நான் இப்படியா இருக்கிறேன்?" என்றாள். அக்காவுக்கு அந்தப் படத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. சமாதானம் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து, அளவுகோலும் பிளேடும் எடுத்துக்கொண்டு காரணத்தைத் தேடினோம். அன்று செய்ததையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். யாரும் தன் முகத்தில் செய்து பார்க்கலாம்.

முதலில், கண்ணாடி எதை மாற்றுகிறது

பள்ளிப் பாடத்தில் இதற்கு இடவல மாற்றம் என்று பெயர். பெயர் சரிதான், ஆனால் அது ஒரு தவறான எண்ணத்தையும் கொடுத்துவிடுகிறது. கண்ணாடி இடத்தையும் வலத்தையும் இடம் மாற்றுவதில்லை. வலது கையைத் தூக்கினால், கண்ணாடியிலும் உங்கள் வலது பக்கம் இருக்கும் கைதான் மேலே போகிறது. கண்ணாடி மாற்றுவது முன்னையும் பின்னையும் மட்டும். நீங்கள் வடக்கே பார்த்து நின்றால் உள்ளே இருக்கும் உருவம் தெற்கே பார்க்கிறது, உடலைத் திருப்பாமலேயே. எதிரில் வந்து நிற்கும் மனிதர் அப்படி இல்லை. அவர் உடலைத் திருப்பி நிற்கிறார், அதனால் அவருடைய வலது கை உங்கள் இடப்பக்கம் வந்துவிடுகிறது. கேமராவும் உங்களை எதிரில் நிற்பவர் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறது.

மூக்குத்தியை வைத்துப் பார்த்தால் உடனே விளங்கும். நம் ஊர் வழக்கப்படி என் மருமகள் வலப்பக்கம் குத்தியிருக்கிறாள். கண்ணாடியில் அந்தக் கல் அவளுடைய வலப்பக்கமே மின்னுகிறது. புகைப்படத்தில் அது தாளின் இடப்பக்கம் இருக்கிறது. மூக்குத்தி நகர்ந்ததை எவரும் கவனிப்பார்கள். அதோடு சேர்ந்து புருவமும் மூக்கின் சாய்வும் உதட்டின் ஓரமும் பக்கம் மாறியதை யாரும் கவனிப்பதில்லை. 'ஏதோ சரியில்லை' என்று மட்டும் தோன்றுகிறது.

முகம் முழுச் சமச்சீராக இருந்தால் பக்கம் மாறினாலும் ஒன்றும் தெரியாது. அப்படி ஒரு முகத்தை நான் இதுவரை படம் எடுத்ததில்லை.

தூரத்தின் குற்றத்தைத் தனியே பிரியுங்கள்

இந்தச் சோதனை பலருக்கும் இங்கேதான் தவறிப்போகிறது. கையை நீட்டி செல்ஃபி எடுத்து, கண்ணாடியோடு ஒப்பிட்டு, 'பக்கம் மாறியதால் மூக்கு பெரிதாகிவிட்டது' என்ற முடிவுக்கு வருகிறார்கள். பக்கம் மாறுவதால் எதுவும் பெரிதாகாது. மூக்கைப் பெரிதாக்குவது தூரம். 2018-ல் அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 30 செ.மீ. தூரத்தில் எடுத்த படத்தில், முகத்தின் அகலத்தோடு ஒப்பிட மூக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி எடுத்தால் அந்த வீக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

கண்ணாடிக்கும் ஒரு தூரம் உண்டு. நாம் நினைப்பதைப் போல அது இரு மடங்கு. கண்ணாடிக்கு 40 செ.மீ. முன்னால் நின்றால், உருவம் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு 40 செ.மீ. தள்ளி நிற்கிறது. அதாவது உங்கள் முகத்தை 80 செ.மீ. தூரத்திலிருந்து பார்க்கிறீர்கள். இதில் சந்தேகம் இருந்தால், குளியலறைக் கண்ணாடியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உச்சந்தலை தெரியும் இடத்திலும் மோவாய் தெரியும் இடத்திலும் சோப்பால் ஒவ்வொரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் அளந்தால் உங்கள் தலையின் உயரத்தில் சரிபாதிதான் இருக்கும். எனக்கு 11 செ.மீ. வந்தது. பின்னால் நகர்ந்து நின்று மறுபடி போட்டாலும் அதே பாதிதான். நான் இதைக் காட்டியபோது என் மருமகள் மூன்று முறை அளந்து பார்த்தாள்.

ஆகவே செல்ஃபியை இந்தச் சோதனைக்குள் கொண்டுவராதீர்கள். அதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. முன்பக்கக் கேமரா, எடுப்பதற்கு முன் திரையில் உங்களைக் கண்ணாடியைப் போலக் காட்டும். சேமிக்கும்போது பல போன்கள் பக்கத்தைத் திருப்பி, உண்மைப் படமாக வைத்துவிடும். படம் எடுத்த மறுநொடி முகம் 'துள்ளுவது' அதனால்தான். ஐபோனில் கேமரா அமைப்புகளுக்குள் Mirror Front Camera என்று இருக்கும். சாம்சங் போனில் அதன் பெயர் Save selfies as previewed. அது இயக்கத்தில் இருந்தால் கண்ணாடி முகமே சேமிக்கப்படும். உங்களிடம் இருக்கும் பழைய செல்ஃபிகளில் எது எந்த வகை என்று தெரியாமல் எதையும் ஒப்பிட முடியாது. சட்டையில் எழுத்து இருந்தால் அதைப் படித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சோதனைக்கான படத்தை எடுக்கும் முறை

போனின் பின்பக்கக் கேமரா போதும். வேறொருவர் எடுக்கட்டும். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 2 மடங்கு ஜூம் வைத்து, கேமராவை உங்கள் கண் உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வெளிச்சம். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. படத்தின் பக்கத்தைத் திருப்பும்போது முகம் மட்டும் திரும்பாது, அதன் மேல் விழுந்த நிழலும் சேர்ந்து திரும்பும். ஜன்னல் இடப்பக்கம் இருந்து எடுத்த படத்தைத் திருப்பினால், நீங்கள் ஒப்பிடுவது முகத்தையா வெளிச்சத்தையா என்று சொல்ல முடியாமல் போகும். அதனால் ஜன்னலுக்கு நேரெதிரில் நில்லுங்கள். சென்னை வெயிலுக்கு இன்னும் நல்ல இடம், காலை நேரத்தில் மாடிப்படி அறையின் நிழல் விழும் மொட்டைமாடி. வானம் முழுவதும் ஒரே விளக்காகிவிடும், மூக்கின் இரண்டு பக்கமும் நிழல் சமமாக இருக்கும். பின்னால் வெறும் சுவர் போதும்.

பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் பொருள்கள் எதுவும் இருக்கக் கூடாது. முடியை வகிடு இல்லாமல் பின்னால் இழுத்துக் கட்டுங்கள். புடவை முந்தானை, சட்டைப் பை எதுவும் படத்துக்குள் வரக் கூடாது, கழுத்தோடு வெட்டிவிடலாம். மூக்குத்தியைக் கழற்றினால் நல்லது. என் மருமகளுக்குத் திருகைக் கழற்றவே பத்து நிமிடம் ஆனது. ஆனால் அது இருந்திருந்தால் எந்தப் படம் எது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பொட்டு வட்டமாக இருந்தால் இருக்கட்டும்.

கடைசியாக, தலை நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம், திரும்பியிருந்தால் சரிசெய்ய முடியாது. மூக்கின் நுனி கண்களைவிட ஏறத்தாழ 3 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. தலை வெறும் 5 பாகை திரும்பினாலே நுனி இரண்டரை மில்லிமீட்டர் ஒதுங்கிவிடும், நேரான மூக்கும் கோணலாகத் தெரியும். தலை நேராக இருக்கிறதா என்பதற்குக் காதுகளே சாட்சி. இரண்டு காதும் ஒரே அளவு தெரிய வேண்டும். நான் ஆறு படம் எடுத்தேன். அவற்றில் இரண்டைக் காது சரியில்லை என்று ஒதுக்கினேன்.

பக்கம் மாற்றிய பிரதி

போனில் படத்தைத் திருத்தும் இடத்தில், வெட்டும் கருவிக்குள், பக்கவாட்டில் திருப்பும் பொத்தான் இருக்கும். அதை ஒரு முறை அழுத்தி, மூலப் படத்தை அழிக்காமல் பிரதியாகச் சேமியுங்கள். கணினியில் இமேஜ்மேஜிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி போதும்:

```
magick mugam.jpg -auto-orient -flop kannadi.jpg
```

நடுவில் இருக்கும் -auto-orient என்பதை விட்டுவிடாதீர்கள். போன் பல நேரங்களில் படத்தைப் படுக்கையாகவே சேமித்து, 'நிமிர்த்திக் காட்டு' என்ற குறிப்பை மட்டும் கூட வைத்துவிடும். அந்த நிலையில் திருப்பினால் முகம் தலைகீழாகிவிடும்.

இரண்டையும் ஒரே அளவில், ஒரே தாளில் பிரிண்ட் எடுங்கள். எது நேர்ப் படம் என்று பின்புறம் பென்சிலால் சிறிதாகக் குறித்துவையுங்கள்.

யாருக்கு எது பிடிக்கிறது

இந்தச் சோதனை எனக்குச் சொந்தமானதல்ல. 1977-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியில், மீட்டா, டெர்மர், நைட் என்ற மூன்று உளவியலாளர்கள் மாணவிகளைப் படம் எடுத்து, ஒரே படத்தை நேராகவும் பக்கம் மாற்றியும் பிரிண்ட் போட்டுக் காட்டினார்கள். மாணவிகளில் பெரும்பாலோர் தங்களுக்குப் பிடித்ததாகக் கண்ணாடிப் பிரதியை எடுத்தார்கள். அவர்களுடைய நெருங்கிய தோழிகளில் பெரும்பாலோர் நேர்ப் படத்தை எடுத்தார்கள். முகம் ஒன்றுதான், படமும் ஒன்றுதான். தினமும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகினார்களோ அந்தப் பக்கமே அவர்களுக்கு அழகாகத் தெரிந்தது.

அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1968-ல், ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் இதற்கு அடிப்படையைப் போட்டிருந்தார். அர்த்தமில்லாத சொற்களையும், தெரியாத மனிதர்களின் படங்களையும் வெவ்வேறு எண்ணிக்கையில் காட்டிப் பார்த்தார். அதிகமுறை கண்ணில் பட்டவை அதிகமாகப் பிடித்தன. அதற்கு வேறெந்தக் காரணமும் தேவைப்படவில்லை, திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டதே போதுமாக இருந்தது.

வீட்டில் செய்யும்போது கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள்: "எது நன்றாக இருக்கிறது?" அவ்வளவுதான். "எது உண்மையான முகம்?" என்று கேட்டால் துப்பறியத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் இடவலம் கலைத்து வையுங்கள், ஐந்து நொடிக்குள் பதில் வாங்குங்கள். ஒருவரிடம் கேட்கும்போது இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டாம். படத்தில் இருப்பவரை நேரில் தினமும் பார்ப்பவர்களிடம் மட்டும் கேளுங்கள். புதியவர்களுக்கு இரண்டு முகமும் ஒன்றுதான்.

எட்டுப் பேரிடமாவது கேளுங்கள். அதில் ஐந்து பேர் ஒன்றைச் சொல்வதைப் பெரிதாக எடுக்காதீர்கள், நாணயத்தைச் சுண்டினாலும் அப்படி வரும். எட்டில் ஏழோ எட்டோ ஒரு குறிப்பிட்ட பக்கம் விழுவது தற்செயலாக 28 முறைக்கு ஒரு முறைதான் நடக்கும். எங்கள் வீட்டில் அக்கா, அத்திம்பேர், எதிர்வீட்டு மாமி, என் மருமகளுடன் வேலை செய்யும் இரண்டு தோழிகள் என்று எட்டுப் பேரைக் கேட்டோம். ஏழு பேர் நேர்ப் படத்தை எடுத்தார்கள். அவள் மட்டும் கண்ணாடிப் பிரதியைத் தயங்காமல் எடுத்தாள். மறுநாள் கலைத்துவைத்துக் கேட்டபோதும் அதையே எடுத்தாள். ஏன் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியவில்லை. "இதுதான் நான், மாமா" என்றாள்.

உங்கள் வீட்டில் இவ்வளவு தெளிவாக வராமல் போகலாம். இது பெரும்பான்மையின் போக்கு, விதியல்ல. முகத்தின் கோணல் மிகச் சிறியதாக இருந்தால் யாருக்கும் எந்தப் பக்கமும் தோன்றாது.

கோணலை அளப்பது

நேர்ப் படத்தின் பிரிண்ட்டை மேசையில் வையுங்கள். இரண்டு கருவிழிகளின் மையங்களையும் இணைத்து ஒரு கோடு, அதன் நடுப்புள்ளியிலிருந்து மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக இன்னொரு கோடு. தலை லேசாகச் சாய்ந்திருந்தாலும் இந்தக் கோடு சேர்ந்தே சாய்வதால் தொல்லை இல்லை. அளவை மாற்றிக்கொள்ள, கருவிழிகளுக்கு இடையே உள்ள உண்மையான தூரம் தேவை. மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்குக் கடையிலேயே அளந்து சொல்வார்கள். என் மருமகளுக்கு அது 62 மி.மீ. பிரிண்ட்டில் 31 வந்தது. ஆக, தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது முகத்தில் இரண்டு.

ஒதுக்காமல் வைத்த நான்கு படங்களிலும் அவளுடைய மூக்கு நுனி நடுக்கோட்டிலிருந்து அவளுடைய இடப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. முகத்தில் இரண்டு மில்லிமீட்டர், ஓர் அரிசியின் பருமன் அளவுக்கு. இடது புருவம் வலதைவிடச் சற்று மேலே இருந்தது. பொட்டு நடுக்கோட்டில் இல்லாததுதான் என்னை நிறுத்தியது. அதுவும் இடப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கியிருந்தது. அவள் பொட்டு வைப்பது கண்ணாடியைப் பார்த்து, மூக்கின் போக்குக்கு நேராக. அவளுடைய கண்ணுக்கு முகத்தின் நடு என்பது அந்தச் சாய்ந்த மூக்கின் கோடுதான்.

அவள் சொன்ன குறைக்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது. கண்ணாடியில் அந்த மூக்கு இரண்டு மில்லிமீட்டர் இடப்பக்கம் போகிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக அதைப் பார்த்த மனம் அதையே நேர் என்று வைத்துக்கொண்டது. புகைப்படத்தில் அது இரண்டு மில்லிமீட்டர் வலப்பக்கம் போகிறது. பழகிய இடத்திலிருந்து பார்த்தால் நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். உண்மையான கோணல் இரண்டு, அவளுக்குத் தெரிந்தது நான்கு. தன் புகைப்படத்தில் மூக்கோ உதடோ கோணல் என்று சொல்கிறவர்கள் மிகைப்படுத்துவதாக நினைக்கிறோம். அவர்கள் இருமடங்காகப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

மனம் இப்படி நடுவை நகர்த்திக்கொள்ளும் என்பதற்குச் சோதனைச் சான்றும் இருக்கிறது. வெப்ஸ்டரும் மெக்லினும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், உருக்குலைத்த ஒரு முகத்தைச் சிறிது நேரம் பார்த்தவர்களுக்கு, அதன்பின் காட்டிய சாதாரண முகம் எதிர்த்திசையில் உருக்குலைந்ததாகத் தெரிந்தது. சில நிமிடப் பார்வைக்கே அப்படி என்றால், ஒவ்வொரு நாள் காலையும் பார்க்கும் முகத்துக்கு எப்படி இருக்கும்!

பிளேடால் வெட்டிப் பார்ப்பது

மூக்குக்கு விடை கிடைத்துவிட்டது. "கண் தூங்குகிற மாதிரி" என்றாளே, அதற்கு இந்த அளவு போதாது. புருவ வித்தியாசம் இரண்டு படத்திலும் ஒன்றுதான். பின் ஏன் ஒன்றில் விழிப்பாகவும் மற்றதில் சோர்வாகவும் தெரிய வேண்டும்?

காரணம், நாம் ஒரு முகத்தின் இரண்டு பாதிகளையும் சமமாகப் பார்ப்பதில்லை. பார்ப்பவரின் இடப்பக்கம் விழும் பாதிக்கு மனம் கூடுதல் மதிப்பு கொடுக்கிறது. முகத்தை அடையாளம் காணும் வேலையில் மூளையின் வலப்பாதி முன்னிற்பதால், அதற்கு நேராகச் செய்தி சேரும் இடப்பக்கப் பார்வை ஓங்கிவிடுகிறது. எல்லோரிடமும் இது ஒரே அளவில் இல்லை, ஆனால் பரவலாகக் காணப்படுவது. உங்களைப் பார்க்கும் மற்றவர்களுக்கு இடப்பக்கம் விழுவது உங்கள் வலது பாதி. கண்ணாடியில் பார்க்கும் உங்களுக்கு இடப்பக்கம் விழுவது உங்கள் இடது பாதி. உங்கள் முகம் என்று ஊருக்குத் தெரிந்த பாதியும், உங்களுக்குத் தெரிந்த பாதியும் வேறு வேறு.

இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். நேர்ப் பிரிண்ட் ஒன்று, பக்கம் மாற்றிய பிரிண்ட் ஒன்று, இரண்டையும் நடுக்கோட்டில் பிளேடால் சரியாக வெட்டுங்கள். நேர்ப் படத்திலிருந்து வலது கன்னம் உள்ள பாதியையும், மாற்றிய படத்திலிருந்து அதே வலது கன்னப் பாதியையும் சேர்த்து ஒட்டினால், இரண்டு வலது பாதிகளால் ஆன ஒரு முகம் கிடைக்கும். மிச்சமிருப்பவற்றைச் சேர்த்தால் இரண்டு இடது பாதிகளால் ஆன முகம். வெட்டு ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் ஒரு முகம் ஒடுங்கி, மற்றது உப்பிவிடும். அப்படி வந்தால் புதிய பிரிண்ட்டில் மறுபடி வெட்டுங்கள், அந்த ஒடுக்கத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இரண்டு முகங்களையும் மேசையில் வைத்து, "உன்னைப்போல இருப்பது எது?" என்று அவளிடம் கேட்டேன். இடது பாதிகளின் முகத்தைத் தொட்டாள். அதில் இரண்டு புருவமும் உயர்ந்து, கண்கள் விழித்து நிற்கின்றன. அக்காவைத் தனியாக அழைத்து அதையே கேட்டேன். வலது பாதிகளின் முகத்தை எடுத்து, "இதுதான் என் பெண். இன்னொன்று யாரோ கோபக்காரி" என்றாள். ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்த பெண்ணின் முகத்தில், தாய் எதைப் பார்த்து வளர்த்தாளோ அது மகளுக்கே அன்னியமாக இருந்தது. இத்தனை ஆண்டுத் தொழிலில் என் மனத்தை இவ்வளவு தொட்ட நிமிடங்கள் அதிகம் இல்லை.

இரண்டு கண்ணாடியை வைத்து, மற்றவர் பார்க்கும் முகம்

புகைப்படம் அசையாது. அசையும் நேர்முகத்தைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு கண்ணாடிகளைச் செங்கோணத்தில் சேர்க்க வேண்டும். முகத்திலிருந்து புறப்படும் ஒளி ஒன்றில் பட்டு, மற்றதில் பட்டு, கண்ணுக்கு வருகிறது. ஒரு முறை மாறியது இன்னொரு முறை மாறி நேராகிவிடுகிறது. சலூனில் முன்னும் பின்னும் கண்ணாடி இருக்கிறதே, அது போதாதா என்று ஒருவர் கேட்டார். போதாது. அங்கே வரிசையாகத் தெரியும் உங்கள் முகங்கள் எல்லாம் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை முறை பட்டு வருபவை, எல்லாமே கண்ணாடி முகங்கள். பின்னந்தலை மட்டும்தான் நேராகத் தெரியும்.

செலவில்லாத வழி, பின்சுவரிலும் பக்கச்சுவரிலும் கண்ணாடி பதித்த லிஃப்ட். தியாகராய நகரின் பெரிய கடைகளில் உடை மாற்றிப் பார்க்கும் அறைகளிலும் இப்படி மூலை சேரும் கண்ணாடிகள் அமைவதுண்டு. மூலையின் கோட்டுக்கு நேராக முகத்தை வைத்துப் பாருங்கள்.

வீட்டில் செய்வதானால், கண்ணாடிக் கடையில் 20-க்கு 30 செ.மீ. அளவில் இரண்டு துண்டு வெட்டி வாங்குங்கள். சேரும் விளிம்பில் சரிவு வேண்டாம், நேராக வெட்டி மழுக்கித் தரச் சொல்லுங்கள். மூலைமட்டத்தை வைத்துச் சரிபார்த்து, பின்புறம் அகலமான டேப் ஒட்டி நிறுத்துங்கள். கோணம் சரியில்லை என்றால் உங்கள் முகமே சொல்லிவிடும். மூக்கின் நடுப்பகுதி காணாமல் போய்க் கண்கள் நெருங்கிவிடும், அல்லது நடுப்பகுதி இருமுறை தெரியும். அசைத்து அசைத்து ஒரே முகமாகச் சேர்ந்ததும் நிறுத்துங்கள். ஒரு செய்தித்தாளைக் காட்டினால் எழுத்துகள் நேராகப் படிக்க வரும்.

பார்த்த முதல் நிமிடம் பலருக்குத் தலை சுற்றுவதுபோல இருக்கும். வலப்பக்கம் சாய்ந்தால் உருவம் எதிர்ப்பக்கம் போகும், தலை வாருவதற்குள் கை தடுமாறும். முகத்தின் கோணல் அங்கேயும் இருமடங்காகத் தெரியும். பயப்பட வேண்டாம், காரணம் முன்பே பார்த்துவிட்டோம்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கண்ணாடி, புகைப்படம் இரண்டிலுமே திடீரென்று உதட்டின் ஒரு பக்கம் தொங்கினாலோ, ஒரு கண் மூடாமல் போனாலோ, அது பக்கம் மாறிய விவகாரம் அல்ல. அன்றைக்கே, அந்த மணிக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

பழக்கத்தைப் பழக்கத்தால் மாற்றுவது

பழகியதால் வந்த விருப்பம் பழகினால் நகரும். நேர்ப் படத்தின் பிரிண்ட் ஒன்றை, தினமும் கை வைக்கும் இடத்தில், பீரோவின் உட்கதவில் ஒட்டுங்கள். உற்றுப் பார்த்துக் குறை தேட வேண்டாம், போகிற வாக்கில் கண்ணில் பட்டால் போதும். ஜூம் கூட்டங்களில் அதிக நேரம் இருப்பவர்கள் Mirror my video என்ற அமைப்பை நிறுத்திவைக்கலாம். அது உங்களுக்குத் தெரியும் உங்கள் உருவத்தை மட்டும் மாற்றுகிறது. எதிரில் இருப்பவர்கள் எப்போதும் உங்கள் நேர்முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

என் மருமகள் பீரோவில் ஒட்டினாள். ஒரு மாதம் கழித்து வந்தபோது கேட்டேன். இன்னமும் கண்ணாடிப் பிரதிதான் பிடிக்கிறது என்றாள், ஆனால் நேர்ப் படம் இப்போது வேறு யாரோ இல்லை, மூக்கும் அவ்வளவு போகவில்லை என்றாள். அளந்து பார்த்தேன், அதே ஒரு மில்லிமீட்டர்தான்.

நடுவில் அக்கா ஒரு யோசனை சொன்னாள்: "அவளுக்குப் பிடித்த அந்தத் திருப்பிய படத்தையே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிடேன்." நான் மறுத்துவிட்டேன். என் ஸ்டூடியோவில் திருப்பிய படத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. பார்க்க வருபவர்கள் படத்தில் பழகிய முகத்தை எதிர்பார்த்து வருவார்கள், கூடத்தில் அதற்கு எதிர்ப்பக்கமான முகம் வந்து உட்காரும். மூக்குத்தியோடு புதிதாக ஒரு படம் எடுத்தோம். ஒன்றரை மீட்டர் தள்ளி, மொட்டைமாடி நிழலில். தாளின் இடப்பக்கம் கல் மின்னும் அந்த நேர்ப் படத்தை, அவளே பார்த்துச் சரி என்று சொல்லி அனுப்பினாள்.